'95% ஸ்பேம் பிளாக்!' - டேட்டிங் ஆப்கள் சொல்லும் கணக்கில் சொல்லாமல் விடுவது என்ன?

புது மேட்ச் கிடைச்சிருக்கு. 'ஹாய், உங்க புரொஃபைல் செம'ன்னு முதல் மெசேஜ். மூணாவது மெசேஜிலேயே, 'நான் இந்த ஆப் பக்கம் அதிகம் வர்றதில்ல, டெலிகிராம்ல பேசலாமா?' என்று கேள்வி. உங்களுக்கு உள்ளே ஒரு அலாரம் அடிக்கும் இல்லையா? அதே அலாரம் அந்த ஆப்பின் சர்வரிலும் அடிக்கிறது. அடித்த பிறகு ஆப் என்ன செய்கிறது என்பதுதான் விஷயமே.

2024 பிப்ரவரியில் பம்பிள் நிறுவனம் 'டிசெப்ஷன் டிடெக்டர்' என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. சோதனையின்போது, ஸ்பேம் அல்லது மோசடி என அடையாளம் காணப்பட்ட அக்கவுன்ட்டுகளில் 95 சதவிகிதத்தைத் தானாகவே பிளாக் செய்ய முடிந்தது என்றும், முதல் இரண்டு மாதங்களில் யூசர்களின் புகார்கள் 45 சதவிகிதம் குறைந்தன என்றும் சொன்னது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அந்த 95-க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்க வேண்டும். பிளாக் ஆனவர்களில் எத்தனை பேர் நிஜமான மனிதர்கள்? அந்த எண் தெரியாமல் 95-ஐ மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏன்னு பார்க்கலாம்.

மெஷின் எதைப் பார்க்கிறது?

ஸ்பேமைப் பிடிக்கும் மென்பொருளை கிளாஸிஃபையர் என்பார்கள். 'இது ஸ்பேம்', 'இது நல்ல மெசேஜ்' என்று ஏற்கெனவே பிரித்து வைத்த ஆயிரக்கணக்கான பழைய மெசேஜ்களைக் காட்டி அதைப் பழக்குவார்கள். பிறகு வரும் ஒவ்வொரு புது மெசேஜுக்கும் அது 0 முதல் 1 வரை ஒரு மார்க் போடும். 1-ஐ நெருங்க நெருங்க சந்தேகம் அதிகம்.

மார்க் போட அது பார்ப்பது வார்த்தைகளை மட்டுமல்ல. அக்கவுன்ட் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆச்சு, ஒரே வாக்கியம் எத்தனை பேருக்குப் போயிருக்கு, மேட்ச் ஆன எத்தனை நொடியில் மெசேஜ் போனது, எத்தனையாவது மெசேஜில் லிங்க்கோ போன் நம்பரோ வந்தது, பதில் எத்தனை பேரிடமிருந்து வருது... இப்படிப் பல குறிப்புகள்.

இங்கேதான் சிக்கலும் தொடங்குது. எல்லா மேட்ச்சுக்கும் 'ஹாய், சாப்டீங்களா?'ன்னு ஒரே மெசேஜை காப்பி பேஸ்ட் பண்ற ஆளா நீங்க? அக்கவுன்ட்டும் நேற்றுதான் தொடங்கினீங்களா? அப்போ மெஷின் கண்ணுக்கு நீங்களும் கிட்டத்தட்ட ஒரு பாட்தான். உங்களுக்கும் நிஜ பாட்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது?

ஒரு லட்சம் மெசேஜ், ஒரு கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனை ஆப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் மெசேஜ்கள். அதில் 1,000 ஸ்பேம், மீதி 99,000 நல்ல மெசேஜ்கள்.

கோட்டைக் கொஞ்சம் கீழே, 0.5-ல் போடுகிறார்கள். அதற்கு மேல் மார்க் வாங்கினால் சந்தேகம். அப்படி 1,800 மெசேஜ்கள் சிக்குகின்றன. அதில் 900 நிஜ ஸ்பேம். மீதி 900 அப்பாவிகளுடையது.

மொத்த ஸ்பேம் 1,000-ல் 900-ஐப் பிடித்துவிட்டோம். இந்த 90 சதவிகிதத்துக்குப் பெயர் ரீகால். 'இருக்கிற திருடர்களில் எத்தனை பேரைப் பிடிச்சோம்?' என்ற கேள்விக்கான பதில்.

பிடித்த 1,800-ல் 900தான் நிஜ ஸ்பேம். இந்த 50 சதவிகிதத்துக்குப் பெயர் பிரிசிஷன். 'பிடிச்சவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே திருடர்கள்?' என்ற கேள்விக்கான பதில். அதாவது, இந்த ஆப் சந்தேகப்படும் ஒவ்வொரு இரண்டு மெசேஜிலும் ஒன்று உங்களை மாதிரி ஒருவர் அனுப்பியது.

இப்போது கோட்டை 0.9-க்கு ஏற்றுகிறார்கள். 625 மெசேஜ்கள்தான் சிக்குகின்றன. அதில் 600 ஸ்பேம், 25 மட்டுமே அப்பாவிகள். பிரிசிஷன் 96 சதவிகிதத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் 400 ஸ்பேம் மெசேஜ்கள் யாரோ ஒருவரின் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ரீகால் 60-க்கு இறங்கிவிட்டது. மென்பொருளை மாற்றாமல் கோட்டை மட்டும் நகர்த்தினால், ஒன்றை ஏற்ற இன்னொன்றை இறக்கித்தான் ஆகணும்.

'இதெல்லாம் எதுக்கு, மொத்தத்தில் எத்தனை சதவிகிதம் சரியாகச் சொல்லுதுன்னு பார்த்தா போதாதா?' என்று கேட்கலாம். முதல் கணக்கில் 900 ஸ்பேமையும் 98,100 நல்ல மெசேஜ்களையும் மெஷின் சரியாகச் சொல்லியிருக்கு. மொத்தம் 99,000. அதாவது 99 சதவிகிதம் சரி. எந்த மெஷினும் வைக்காமல், வருகிற எல்லாவற்றையும் 'நல்ல மெசேஜ்' என்று விட்டிருந்தாலும் அதே 99 சதவிகிதம்தான் வந்திருக்கும்! ஸ்பேம் ரொம்பக் குறைவான பங்காக இருக்கும் இடத்தில் 'மொத்தத் துல்லியம்' என்ற எண் எதையும் சொல்லாது.

கோட்டை யார் போடுவது?

தவறவிட்ட ஸ்பேமுக்கு விலை உண்டு. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் 2022-ல் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தார்கள். அவர்கள் இழந்ததாகச் சொன்ன தொகை 130 கோடி டாலர்.

தவறாகப் பிடிபட்டவருக்கும் விலை உண்டு. அவருடைய மெசேஜ் போகவே இல்லை. எதிரில் இருப்பவர், 'இவன் பதிலே போடல'ன்னு கடந்து போயிருப்பார். சில நேரம் அக்கவுன்ட்டே போய்விடும், கூடவே அதில் இருந்த பேச்சுகளும் போய்விடும்.

அதனால் அனுபவமுள்ள டீம்கள் ஒரே கோட்டோடு நிறுத்துவதில்லை. மார்க் மிக அதிகமென்றால் அக்கவுன்ட்டை முடக்குவது. நடுவில் இருந்தால் லிங்க்கை மட்டும் மறைப்பது, அனுப்பியவரிடம் செல்ஃபி வெரிஃபிகேஷன் கேட்பது, அல்லது ஒரு மனிதரைப் பார்க்கச் சொல்வது. தண்டனை சின்னதாக இருக்கும் இடத்தில் பிரிசிஷன் குறைந்தாலும் பரவாயில்லை. செல்ஃபி எடுக்க உங்களுக்கு ஒரு நிமிடம்தான் போகும். ஆயிரம் அக்கவுன்ட்டை ஒரே ஆள் ஓட்டும் ஸ்பேம் கூட்டத்துக்கு அதுவே பெரிய தலைவலி.

மனிதர்கள் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மெசேஜுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், 1,800 மெசேஜுக்கு 30 மணி நேரம். நாலு பேரின் ஒரு நாள் ஷிஃப்ட். ஆப்பிடம் ஒரே ஒரு ஆள்தான் என்றால், கோடு தானாக மேலே ஏறிவிடும். அப்போது அதை முடிவு செய்தது பாதுகாப்பு அல்ல, சம்பள பட்ஜெட்.

ஒரே சந்தேகம், இரண்டு விதமான கவனிப்பு

இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது 2019 செப்டம்பரில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு. டிண்டரின் தாய் நிறுவனமான மேட்ச் குரூப், தன் மேட்ச்.காம் தளத்தில் செய்ததாக ஃபெடரல் டிரேட் கமிஷன் வைத்த குற்றச்சாட்டு இது:

அப்போது மேட்ச்.காமில் இலவசமாகச் சேர முடிந்தது, ஆனால் வந்த மெசேஜைப் படிக்க சந்தா கட்ட வேண்டியிருந்தது. மோசடி அக்கவுன்ட்டாக இருக்கலாம் என்று நிறுவனமே சந்தேகித்த நபர்களிடமிருந்து மெசேஜ் வந்தால், காசு கட்டிய சந்தாதாரர்களுக்கு அதை சோதனை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். ஆனால், சந்தா கட்டாதவர்களுக்கோ, 'உங்களை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது' என்ற ரீதியில் அதே அக்கவுன்ட்டை வைத்து விளம்பர மெயில் போனது. 2016 ஜூன் முதல் 2018 மே வரை, இப்படிப்பட்ட மெயில் வந்த 24 மணி நேரத்துக்குள் 4,99,691 பேர் சந்தா கட்டினார்கள் என்றது அந்தப் புகார்.

நிறுவனம் இதை மறுத்தது. முறையற்ற அக்கவுன்ட்டுகளில் 85 சதவிகிதத்தை முதல் நாலு மணி நேரத்திலும், 96 சதவிகிதத்தை ஒரு நாளுக்குள்ளும் பிடித்துவிடுகிறோம் என்றது. கவனிச்சீங்களா? இதுவும் ரீகால் மாதிரியான ஓர் எண்தான். புகார் எழுப்பிய கேள்வியோ வேறு: சந்தேகம் வந்த பிறகு, பிடித்து முடிக்கும்வரை அந்த மெசேஜ் யாரிடம் போகிறது?

மோசடி மெசேஜ் தொடர்பான பகுதியை 2022-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறர் பதிவிடும் விஷயங்களுக்கு இணையதளங்களைப் பொறுப்பாக்காத அமெரிக்கச் சட்டப் பிரிவு 230 அதற்குக் காரணம். சந்தாவை ரத்து செய்வதை சிக்கலாக்கியது போன்ற மற்ற குற்றச்சாட்டுகளை முடித்துக்கொள்ள, 2025 ஆகஸ்டில் நிறுவனம் 1.4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

கணக்கில் வராத திருடர்கள்

கடைசியாக ஒரு விஷயம். 90 சதவிகிதம் பிடித்தோம் என்று சொல்ல, மொத்தம் எத்தனை இருந்தது என்று தெரியணும். அது எப்படித் தெரியும்? பெரும்பாலும் யூசர்களின் ரிப்போர்ட்டை வைத்துத்தான்.

ஆனால், மோசமான பாட்டைத்தான் நாம் உடனே ரிப்போர்ட் அடிப்போம். மூன்று மாதம் பொறுமையாகப் பேசி, நம்பிக்கை வாங்கி, கிரிப்டோ முதலீட்டில் கொண்டுபோய் விடும் ஆள், பாட்டே இல்லை. சம்பளத்துக்கு உட்கார்ந்து டைப் செய்யும் மனிதர். முதல் வாரத்தில் அவர் அனுப்பும் மெசேஜ், உங்க மெசேஜைவிட நாகரிகமாக இருக்கும். பணம் போகும்வரை யாரும் ரிப்போர்ட் செய்வதில்லை. ரிப்போர்ட் இல்லை என்றால், மெஷின் பாடத்தில் அவர் 'நல்லவர்'. எனவே ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அளந்த ரீகால், நிஜத்தைவிட அழகாகத்தான் தெரியும். யாரும் புகார் செய்யாத அக்கவுன்ட்டுகளிலிருந்தும் குலுக்கல் முறையில் சிலவற்றை எடுத்து மனிதர்கள் சோதித்தால்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகலாம். இன்னொரு பக்கம், 'நோ' சொன்ன கோபத்தில் அடிக்கப்படும் ரிப்போர்ட்டுகளும் பாடமாகிவிட்டால், அப்பாவிகள் அதிகம் சிக்குவார்கள்.

அடுத்த முறை ஒரு ஆப் '95 சதவிகிதம்' என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பினால், இரண்டு கேள்வி கேளுங்க. எதில் 95? தவறாகப் பிளாக் ஆனால் அப்பீல் பண்ண வழி எங்கே? ஏமாந்தது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தாலும், வெட்கப்படாம அந்த புரொஃபைலை ரிப்போர்ட் பண்ணுங்க. மெஷினுக்கு இல்லாத பாடம் அதுதான். இந்தியாவில் இருந்தால், பணம் போன உடனே 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்க.