ஒரு லயத்தின் அளவில் ஒரு படம்

மலையகத்தைப் பற்றி எந்தச் செய்திமடல் வந்தாலும் அதன் தலையில் ஒரு படம் இருக்கும். முதுகில் கூடை, நெற்றியில் கயிறு, முகத்தில் சிரிப்போடு ஒரு பெண். பின்னால் பச்சை மலை. சம்பளப் போராட்டத்தைப் பற்றிய இதழா இருந்தாலும் சரி, காணி உரிமை பற்றிய இதழா இருந்தாலும் சரி, அதே பெண்தான். இப்போ படத்தை ஏஐ கருவிகள் வரைந்து தருவதால் அந்தப் பெண் இன்னும் சுலபமா வந்துவிடுகிறார். "இலங்கைத் தேயிலைத் தோட்டம்" என்று கேட்டால் போதும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: செய்திமடலின் தலைப்புப் படத்துக்கு அந்தப் பெண் பொருந்தவே மாட்டார். அரசியல் காரணம் பிறகு. முதல் காரணம் வெறும் கணக்கு.

மின்னஞ்சலில் வரும் மடல் பெரும்பாலும் 600 பிக்சல் அகலத்தில்தான் அமைக்கப்படுகிறது. தலைப்புப் படம் அதற்கு மேலே ஒரு பட்டை மாதிரி, 150 பிக்சல் உயரத்தில் உட்காரும். அதாவது நான்குக்கு ஒன்று. திரையில் தெளிவா இருக்கணும் என்பதற்காக 1200க்கு 300 என்று இரட்டிப்பா செய்து வைப்பார்கள், ஆனா வடிவம் அதேதான். படம் வரையும் கருவிகள் பல இந்த வடிவத்தைத் தருவதில்லை. உதாரணமா ஓப்பன்ஏஐயின் gpt-image-1 தரும் ஆக அகலமான அளவு 1536க்கு 1024. அதிலிருந்து நான்குக்கு ஒன்று வெட்டினால் 1536க்கு 384 தான் மிஞ்சும். 1024 உயரத்தில் 640 பிக்சல் குப்பைக்குப் போகுது. வரைந்த படத்தில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம்தான் வாசகருக்குக் கிடைக்கும்.

இப்போ கூடைக்காரப் பெண்ணை அதில் வைத்துப் பாருங்கள். கருவி அவரைப் படத்தின் நடுவில், உயரத்தில் முக்கால் பங்கு வரும்படி நிறுத்தும். அதாவது 700 பிக்சலுக்கு மேல். பட்டையோ 384. ஒன்று தலை போகும், இல்லாட்டி கொழுந்து பறிக்கும் கை போகும். நடுவில் வெட்டினால் கழுத்தும் இடுப்பும் மட்டும் மிஞ்சும். ஒரு தொழிலாளியின் தலையையும் கையையும் வெட்டிவிட்டு அதைத் தலைப்புப் படம் என்று போடுவது நல்லாவா இருக்கு?

அந்தப் படம் ஏன் அப்படி நிற்குது என்பதற்கும் காரணம் உண்டு. அது தேயிலைப் பெட்டிக்காகப் பிறந்த படம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லிப்டன் விளம்பரங்கள் தோட்டத்திலிருந்து நேரா தேநீர்க் கெண்டிக்கு என்று சொல்லி விற்றபோது, தமிழ்ப் பெண் ஒருவர் கூடையோடு நின்றார். பெட்டியும் சுவரொட்டியும் நெட்டுக்குத்தானவை. ஒரு ஆள் நிற்கும் அளவு. பறிக்கிற பெண்கள் நிரை பிடித்து வரிசையா ஏறுவார்கள் என்பதோ, வேலை முடிந்து எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்பதோ பெட்டிக்குள் அடங்காது. ஏஐ கருவிகள் இந்த மாதிரிப் படங்கள் நிறைந்த குவியலிலிருந்துதான் கற்றுக்கொண்டன. அதனால் நாம் வேறு மாதிரிக் கேட்காத வரைக்கும் பெட்டியைத்தான் திருப்பித் தரும்.

மலையகத்தின் மற்ற அடையாளங்களும் இதே மாதிரித்தான். டெவன் நீர்வீழ்ச்சி மேலிருந்து கீழே விழுவது. சிவனொளிபாத மலை கூம்பு. பட்டைக்குள் அடக்கினால் இரண்டும் குண்டூசி அளவுக்குச் சிறுத்துப் போகும், இல்லாட்டி உச்சி வெட்டுப்படும். அப்படியானால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நீளமா, தாழ்வா இருக்கிற பொருள் எது?

லயம். வேறென்ன.

ஒரு காம்பராவின் முகப்பு பத்தடி என்று வையுங்கள். பத்துக் காம்பரா ஒட்டி நின்றால் நூறடி. தகரக் கூரையின் உச்சி பன்னிரண்டடி. அகலம் உயரத்தைப் போல எட்டு மடங்கு. 1536 பிக்சல் அகலத்துக்கு லயத்தை நீட்டினால் அதன் உயரம் ஏறக்குறைய 185 பிக்சல் வரும். 384 உயரப் பட்டையில் அது பாதி. மேலே கொஞ்சம் மூடுபனி, கீழே கொஞ்சம் தேயிலை. எதையும் வெட்ட வேண்டியதில்லை. நூறு வருசத்துக்கு மேலா ஆட்களை ஒரே நீட்டாக அடைத்து வைக்கக் கட்டின கட்டடம், அடைசலான இந்தப் பட்டைக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்துது. இது சந்தோசப்பட வேண்டிய விசயமில்லை. ஆனா உண்மை.

கருவிக்கு இதைச் சொல்ல நாங்கள் பயன்படுத்தும் ப்ராம்ப்ட் இது:

```
Flat gouache illustration, straight-on side view from far away.
One long low row of ten joined one-room dwellings under a single
rusted corrugated roof, edge to edge, in the middle third.
Each door a different faded colour, washing on a line, thin smoke.
Upper third: only pale mist. Lower third: only clipped tea bushes.
Plain walls. Muted green, grey, rust.
```

இதில் முக்கியமான வரி கடைசிக்கு முந்தினது. பலர் "அகலமான படம்", "பனோரமா" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தச் சொற்கள் சட்டத்தின் வடிவத்தை மாற்றாது. கருவி அதே 1024 உயரத்தை ஏதாவது போட்டு நிரப்பத்தான் பார்க்கும். அதனால் வெட்டுப்படப் போகிற இடத்தில் என்ன இருக்கணும் என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். மேல் மூன்றில் ஒரு பங்கில் பனி மட்டும். கீழ் மூன்றில் ஒரு பங்கில் தேயிலை மட்டும். நடு மூன்றில் ஒரு பங்கு 341 பிக்சல். நம் பட்டை 384. லயம் முழுசா உள்ளே வரும், மேலேயும் கீழேயும் இருபது பிக்சல் அளவு மிச்சமும் இருக்கும். போகிறதெல்லாம் பனியும் செடியும்தான், யாருடைய தலையும் இல்லை.

"நேரெதிரே, பக்கவாட்டா, தூரத்திலிருந்து" என்பது இரண்டாவது. இதைச் சொல்லாவிட்டால் கருவி லயத்தைச் சாய்வா, ஒரு முனை பெரிசாவும் மறுமுனை சின்னதாவும் வரையும். முழுப்படத்தில் அது அழகுதான். பட்டையா வெட்டினால் கூரை ஒரு மூலையில் தொடங்கி இன்னொரு மூலையில் காணாமல் போகும்.

வீடு என்பதற்கு வழக்கமா எழுதுகிற "காட்டேஜ்", "ஹவுஸ்" என்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தோம். அவற்றைப் போட்டால் புகைபோக்கியும் பூச்செடியும் வைத்த துரை பங்களா வந்து நிற்கும். "பெண் வேண்டாம்", "எழுத்து வேண்டாம்" என்றும் எழுதவில்லை. இந்தக் கருவிகள் பல சமயம் "வேண்டாம்" என்பதை விட்டுவிட்டு, பெயர் சொன்ன பொருளை வரைந்துவிடும். "வெறும் சுவர்" என்பது அதைவிடப் பாதுகாப்பு. மடலின் பெயரையும் படத்துக்குள் எழுதச் சொல்லாதீர்கள். தமிழ் எழுத்து சிதைந்து, கொம்பும் காலும் இடம் மாறி வரும் வாய்ப்பு அதிகம். பெயரைப் படத்துக்குக் கீழே சாதாரண எழுத்தாவே வைக்கலாம்.

சில கருவிகளில் `--ar 4:1` என்று போட்டு நேரடியாவே பட்டை வடிவம் கேட்கலாம். அங்கே வேறொரு தொல்லை உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் ஆரம்ப மாடல்கள் 512க்கு 512 சதுரத்தில் கற்றவை. நீட்டிக் கேட்டால் என்ன செய்வது என்று தெரியாமல், இருந்ததையே மறுபடி மறுபடி வரையும். ஒரு கூடைக்காரப் பெண் ஒரே முகத்தோடு மூன்று பேராவார். லயத்தில் இந்தக் குறை முதலில் தெரியாது, ஏனென்றால் லயமே ஒரே காம்பரா திரும்பத் திரும்ப வருவதுதானே. ஆனா உற்றுப் பார்த்தால் பிடிபடும். பத்துக் கதவும் அச்செடுத்த மாதிரி ஒன்றா இருந்தால் அது லயமில்லை. நிஜ லயத்தில் ஒரு காம்பராக்காரர் இஸ்தோப்பை அடைத்து அறையாக்கியிருப்பார், ஒருவர் நீலப் பெயின்ட் அடித்திருப்பார், ஒரு கூரையில் தகரம் பறக்காமல் கல் வைத்திருக்கும். கட்டினவன் ஒரே மாதிரிக் கட்டினான், குடியிருந்தவர்கள் அதை வேறு வேறாக்கினார்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நிறம் என்று ப்ராம்ப்டில் கேட்டோம்.

கடைசிச் சோதனையைக் கைப்பேசியில் செய்யுங்கள். 360 பிக்சல் அகலத் திரையில் பட்டை 90 உயரத்துக்குச் சுருங்கும். லயம் 43 பிக்சல், கதவு இருபதுக்குள். கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போதும் அது வரிசை வீடு என்று தெரிந்தால் படம் தேறியது. துருப்பிடித்த கம்பி வேலி மாதிரித் தெரிந்தால் கதவுகளைக் குறைத்து ஏழாக்கி மறுபடி கேளுங்கள். லயம் கொஞ்சம் உயரமா வரும், ஆனாலும் பட்டைக்குள் நிற்கும்.

"ஏன் ஏஐ? போய் ஒரு ஃபோட்டோ எடுக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனா லயத்தின் முன்பக்கம் தெரு மாதிரி இல்லை, அது வீட்டு வாசல். உடுப்புக் காயும், பிள்ளைகள் குளிக்கும், யாராவது சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு இதழின் தலையிலும் அவர்கள் வாசலை ஒட்டிவைக்க அவர்களிடம் யார் கேட்டார்கள்? வரைந்த லயத்தில் யாருடைய வீடும் இல்லை. அதனால் அதை நிஜ லயம் என்று காட்டவும் நமக்கு உரிமையில்லை. படத்துக்குக் கீழே "ஏஐ கொண்டு வரைந்தது" என்று ஒரு வரி போட்டே ஆகணும். படம் திறக்காதவர்களுக்காக வைக்கும் மாற்று எழுத்தில் "அழகிய மலையகம்" என்று எழுதாமல், "தகரக் கூரை போட்ட பத்துக் காம்பரா லயம், முன்னால் தேயிலை" என்று உள்ளதை எழுதலாம்.

இன்னொன்று. உங்கள் தோட்டத்தில் வரையத் தெரிந்த ஒரு தங்கச்சியோ தம்பியோ இருந்தால் மேலே உள்ள ஆறு வரியை அப்படியே தமிழில் சொல்லி அவரிடம் கொடுங்கள். நடுவில் லயம், மேலே பனி, கீழே தேயிலை, நான்குக்கு ஒன்று. எந்தக் காம்பராவின் கூரையில் கல் இருக்கு என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். கூலியும் கொடுங்கள்.