'டேக் கேர் மச்சி' போதாதுங்க

வேலை கிடைச்சு தனியா வேற ஊருக்குப் போன ஃப்ரெண்ட், மூணாவது வாரம் "இங்க ஒரு மாதிரி தனியா இருக்குடா" என்கிறான். நாம என்ன பதில் போடுவோம்? "போகப் போகச் சரியாயிடும்", "புது ஃப்ரெண்ட்ஸ் புடி மச்சி", "டேக் கேர்". எல்லாம் நல்ல மனசோட சொல்றதுதான். ஆனால் அவனுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. ஏன்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்து ஒரு ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார். முகம் தெரிஞ்ச ஒருத்தர் சாதாரண நண்பராக மாற சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்கணும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் சேர்ந்து வேலை பார்க்கிற நேரத்துக்கு இதில் பெரிய பலன் இல்லை. சும்மா உட்கார்ந்து பேசுற நேரம்தான் கணக்கு.

ஹாஸ்டலில் மெஸ், ரூம், டீக்கடைன்னு ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஒண்ணா இருந்தோம். 200 மணி நேரம் 40 நாளில் முடிஞ்சிடும். இப்போ அவன் புனேயில் இருக்கான், ஆபீஸ் ஆளோட வாரம் ஒரு படம், ஒரு சாப்பாடுன்னு 2 மணி நேரம் கிடைக்குதுன்னு வைங்க. 200-ஐ எட்ட 100 வாரம், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்! பழகத் தெரியாதது அவன் பிரச்சினை இல்லை, மணி நேரம் கிடைக்காததுதான் பிரச்சினை. முதல்ல இதை அவன்கிட்ட சொல்லுங்க. "என்கிட்டதான் ஏதோ குறை" என்கிற நினைப்பு குறையும்.

அடுத்து, அந்த 200 மணி நேரத்தை ஏற்கெனவே அவனோட கழிச்சவங்க நாமதான். அதனால "எப்ப வேணா கால் பண்ணு"ன்னு சொல்லாதீங்க. தனிமையில இருக்கிறவன் 'எதுக்குத் தொந்தரவு'ன்னு கூப்பிடவே மாட்டான். நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்க. நிறைய பிஜிக்களில் ஞாயிறு ராத்திரி சாப்பாடு கிடையாது, தனியா வெளியே போய்ச் சாப்பிடணும். வாரத்திலேயே கஷ்டமான நேரம் அதுதான். "ஞாயிறு 8 மணிக்குக் கூப்பிடுறேன், பேசிக்கிட்டே சாப்பிடப் போலாம்" என்பது பத்து 'டேக் கேர்'-க்குச் சமம்.

ஆனால் தினமும் ரெண்டு மணி நேரம் பேசாதீங்க. அங்க புது ஆட்களோட சேர வேண்டிய நேரத்தை நாமே சாப்பிட்டுடுவோம். ஒரே இடத்துக்கு, ஒரே நாளில், திரும்பத் திரும்பப் போறானான்னு கேளுங்க. ஷட்டில் கோர்ட்டோ டீக்கடையோ, அதே முகங்களைப் பார்த்தால்தான் மணி நேரம் சேரும்.

ரெண்டு வாரமா சரியா தூங்கலை, சாப்பிடலை, போனும் எடுக்கலைன்னா அது வெறும் தனிமை இல்லை. வீட்டுக்குச் சொல்லுங்க. 14416-ல் அரசின் டெலி மானஸ் இலவசம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த வருஷம் நம்மில் பாதிப் பேர் இதே மாதிரி ஏதோ ஒரு பிஜியில்தான் இருக்கப் போறோம். இந்த ஞாயிறு யாருக்குக் கூப்பிடணும்னு இப்பவே முடிவு பண்ணுங்க.