அட்டை எடுத்தால் ஓட்டுப் போகுமா?

வரக்காப்பொலையைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் இந்தியாவின் ஓ.சி.ஐ. அட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் இப்படிச் சொல்லிவிடுவார்: "அத எடுத்தா நாம இந்தியக்காரனாயிருவோம். இங்க ஓட்டும் போயிரும், ஐடென்டி கார்டும் போயிரும்." இன்னொருவர் அதையே மகிழ்ச்சியாகச் சொல்வார்: "ரெண்டு நாட்டுக் குடியுரிமை கெடைக்குதே, விடலாமா?" பயப்படுகிறவரும் ஆசைப்படுகிறவரும் நம்புவது ஒரே விஷயத்தைத்தான். அந்த அட்டை ஒரு குடியுரிமை என்று இருவருமே நினைக்கிறார்கள்.

பயத்தைக் குறை சொல்ல முடியாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், இன்னாருக்கு இந்தியா, இன்னாருக்கு இலங்கை என்று தலைகளைப் பங்கு போட்டது. விண்ணப்பப் படிவத்தில் இட்ட ஒரு கையெழுத்தால் அண்ணன் மண்டபத்துக்கும் தம்பி லயத்துக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களிடம் போய் "இது வெறும் அட்டைதான்" என்றால் சிரிப்பார்கள். எனவே சட்டம் சொல்வதைப் பார்ப்போம்.

இந்திய அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது என்கிறது. இரட்டைக் குடியுரிமை என்ற ஒன்று இந்தியாவில் இல்லை. ஓ.சி.ஐ. என்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவில் வரும் ஒரு பதிவு மட்டுமே. பதிந்தவர் வெளிநாட்டவராகவே இருக்கிறார். இந்தியக் கடவுச்சீட்டு அவருக்குக் கிடைக்காது, அங்கே வாக்கு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலையும் பொதுவாகக் கிடையாது. ஆனால் ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் போய்வரலாம். எவ்வளவு காலம் தங்கினாலும் பொலிஸில் பதியத் தேவையில்லை. படிப்பு, தொழில், வீடு வாங்குதல் போன்றவற்றில் வெளிநாடுவாழ் இந்தியருக்குள்ள சலுகை உண்டு. மருத்துவக் கல்லூரி நுழைவிலும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடத்துக்குத்தான் போட்டி போடலாம், இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடத்துக்கு அல்ல. இன்னொரு விலக்கும் உண்டு: விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டக் காணி ஆகியவற்றை வாங்க முடியாது. நான்கு தலைமுறை தோட்டத்திலேயே தேய்ந்தவனின் பேரன் காசு சேர்த்துக்கொண்டு போனாலும், வால்பாறையில் ஒரு தேயிலைத் துண்டை வாங்க அந்த அட்டை உதவாது!

அடுத்தது இலங்கைப் பக்கம். நம் சட்டத்தில் குடியுரிமை தானாகப் போவது, பொதுவாக ஒருவர் வேறொரு நாட்டின் குடிமகனாகும்போதுதான். ஓ.சி.ஐ. யாரையும் குடிமகனாக்காததால் அந்த விதி அங்கே தொடங்குவதே இல்லை. வாக்காளர் இடாப்பும் அடையாள அட்டையும் இருந்தபடியே இருக்கும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்குப் போக முடியாது என்று 2022இன் 21ஆவது திருத்தம் போட்ட தடையும் வேறு நாட்டின் குடிமக்களைப் பற்றியதே.

உண்மையில் குடியுரிமை கைநழுவுவது வேறோர் இடத்தில். பிரித்தானியாவிலோ இத்தாலியிலோ பல வருஷம் வேலை செய்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்குகிறவர், அந்த நாளிலேயே இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். கடிதம் வராது, யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். தக்கவைக்க வேண்டுமானால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் பிறகு மீளப் பெற விண்ணப்பிக்க வேண்டும். வயது, தொழில் தகைமை, சொத்து, வங்கி வைப்பு என்று அதற்குத் தனித்தனி வகைகள் உண்டு. "பொறந்த நாடு, யாரு பறிக்க முடியும்" என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து. இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே பிரித்தானியக் குடியுரிமை காரணமாக எம்.பி. பதவிக்குத் தகுதியற்றவர் என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்த்தது. லயத்தில் பேசப்படும் பயம் அட்டையைப் பார்க்காமல் இந்தப் பக்கம் திரும்பினால் பயனிருக்கும்.

"நாங்க ஆறாவது தலைமுறை, எங்களுக்குக் கெடைக்காது" என்ற பேச்சும் உண்டு. இது பாதி உண்மை. தலைமுறையை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பிழை. பொது விதிப்படி, 1950 ஜனவரி 26இல் இந்தியக் குடிமகனாகத் தகுதியிருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை விண்ணப்பிக்கலாம். அந்த நாளில் வெளிநாட்டில் வாழ்ந்தவராயினும், தாமோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் அவருக்குத் தகுதி இருந்தது. அரசியலமைப்பின் 8ஆவது உறுப்புரை இது.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். திருச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் கங்காணியோடு வந்தார். அவர் மகனும் பேரனும் இங்கேயே பிறந்தார்கள். அந்தப் பேரன் 1950இல் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்பதால் அவர் தகுதியுள்ளவர். எண்ணிக்கை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவருடைய மகன், பேரன், அதற்கடுத்து இன்று உயர்தரம் முடித்த கொள்ளுப்பேத்தி. வந்தவரிடமிருந்து எண்ணினால் அவள் ஆறாவது தலைமுறை. சட்டத்தின் கணக்கில் வரம்புக்குள் இருக்கிறாள். சுரினாம், மொரீஷியஸ் போன்ற நாடுகளுக்கு இந்தியா வரம்பையே தளர்த்தியிருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் தகுதி வேறு, அத்தாட்சி வேறு. விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். கொள்ளுப்பேத்தியிலிருந்து கொள்ளுத்தாத்தா வரை ஒவ்வொரு கண்ணியையும் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இணைக்க வேண்டும். அவருக்கு மேலே, அவருடைய தாத்தா இந்தியாவில் பிறந்ததைக் காட்ட ஏதேனும் தாள் வேண்டும். ஒரே மனிதர் ஒரு தாளில் கருப்பன், அடுத்ததில் கருப்பையா, அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஏதோ ஒரு எழுத்துக்கூட்டல். குடும்பத்துக்கு அது ஒரே ஆள். கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு மூன்று பேர். பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசியும், சிங்களப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் தயார் செய்த பிறகு ociservices.gov.in தளத்தில் படிவத்தை நிரப்புவதுதான் சரியான வரிசை. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு 275 டொலர் கட்டணம் என்பதால், அரைகுறைக் கோப்போடு போவது வீண் செலவு.

பெட்டிக்குள் கிடக்கும் பழைய தாள்களில் மிகப் பெறுமதியானது, 1964 ஒப்பந்தத்தின்படி தாத்தாவுக்கு வந்த இந்தியக் கடவுச்சீட்டு. பதிவு கிடைத்தும், 1980களில் கப்பல் நின்றதால் போகாமல் தங்கியவர்கள் பலர். "அதக் காட்டுனா நம்ம குடியுரிமைய ரத்து பண்ணிருவானுங்க" என்று அதை எரித்தவர்களும் உண்டு. தேவையே இல்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை கொடுக்கத்தான் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தக் கடவுச்சீட்டோடு தங்கிவிட்டவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. பேத்தியின் கோப்பில் அந்தக் கடவுச்சீட்டுதான் மிகக் கனமான சாட்சி.

பயந்தவர்கள் சொல்வது ஓரிடத்தில் மட்டும் சரியாகிறது. ஓ.சி.ஐ. பதிந்து ஐந்து வருஷம் கடந்து, இந்தியாவில் வசித்து, இந்தியக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்க அந்தச் சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் இலங்கைக் குடியுரிமை நிச்சயம் போகும். ஆனால் அது வேறு படிவம், வேறு கையெழுத்து. அட்டை தானாக அங்கே கொண்டுபோய் விடாது.

வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ போய்வருகிறவருக்கு இந்தச் செலவும் அலைச்சலும் எதற்கு? அவருக்கு இ-விசா போதும். பிள்ளையைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஐந்து வருஷம் படிக்க வைக்க நினைக்கும் குடும்பம் மட்டும், இந்த வாரமே வரக்காப்பொல பிரதேச செயலகத்தில் கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேடத் தொடங்கலாம்.