பெயர் மாறலாம், படுக்கை ஒன்றே

ரயில் பயணச்சீட்டைப் பிறர் பெயருக்கு மாற்ற ஏன் இத்தனை நிபந்தனைகள் என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. ஒரு சீட்டு இருமுறை விற்கப்படாமல் காப்பதே அவற்றின் நோக்கம். ஆனால், அவற்றுள் ஒன்றைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 53-ஆவது பிரிவு, ஒருவர் பெயரில் வழங்கப்பட்ட சீட்டை அவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. பெயர் மாற்றத்தை அனுமதிக்கும் அதிகாரம் ரயில்வே ஊழியருக்கே உண்டு. உறுதியான சீட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவிக்கு ஒரே ஒரு முறை மாற்றலாம். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்கு வெள்ளி இரவு 9 மணி ரயிலில் பதிவு செய்த அக்காளுக்குக் காய்ச்சல்; தம்பி போக வேண்டும் என்று கொள்வோம். வியாழன் இரவு 9 மணிக்குள், சீட்டின் அச்சுப்படி, அடையாள அட்டை, உறவுக்குச் சான்றாகக் குடும்ப அட்டை ஆகியவற்றுடன் முன்பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். பல மையங்கள் இரவு 8 மணிக்கே மூடிவிடும்.

அங்கே நடப்பது ரத்தும் புதிய விற்பனையும் அன்று. பழைய சீட்டை ரத்து செய்தால், படுக்கை உடனே காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போய்விடும். ரத்து செய்யாமல் புதிய சீட்டு வழங்கினால், ஒரே படுக்கைக்கு இருவர் உரிமை கோருவர். எனவே அதே பிஎன்ஆர் எண்ணில், அதே படுக்கைக்கு எதிரே உள்ள பெயர் மட்டும் மாற்றப்படுகிறது. அக்காளிடம் பழைய சீட்டின் பத்துப் படிகள் இருந்தாலும் பயனில்லை. பரிசோதகர் பார்ப்பது தம் பட்டியலிலுள்ள பெயரையும் பயணியின் அடையாள அட்டையையும்தான்.

உறவு நிபந்தனையும் ஒருமுறை வரம்பும் கள்ளச்சந்தையைத் தடுக்கின்றன. யாருக்கும் மாற்றலாம் என்றால், தரகர் கற்பனைப் பெயர்களில் வாங்கிக் குவித்து, பின்னர் வாங்குவோர் பெயருக்கு மாற்றித் தருவார். 24 மணி நேர வரம்பும், சீட்டுக்குத் தேவை உச்சத்தில் இருக்கும் கடைசி நாளில் அக்கதவை அடைக்கிறது.

ஆனால் காய்ச்சலும் மரணச் செய்தியும் அந்தக் கடைசி நாளில்தான் வருகின்றன. அப்போது தம்பி அக்காள் பெயரிலேயே ஏறினால், சீட்டில்லாப் பயணியாகவே கருதப்படுவார். உறவுச் சான்றே தரகரைத் தடுக்கும்போது, நேர வரம்பு நேர்மையான குடும்பத்தையே அதிகம் தண்டிக்கிறது.

எனவே குடும்பத்துக்குள்ளான மாற்றத்தை, பயணிகள் பட்டியல் தயாராகும் வரை அனுமதிக்கலாம். இறுதிப் பட்டியல் பரிசோதகரைச் சென்றடையும் வரை ஒரு படுக்கைக்கு ஒரு பெயர்தான் இருக்கும். அதுவரை மாற்றினால் இரட்டைப் பயன்பாட்டுக்கு இடமில்லை. உறவும் ஒருமுறை வரம்பும் இருக்கட்டும். கடிகாரம் மட்டும் சற்று நகரட்டும்.