‘நல்லதுதானே?’ என்று கேட்டால் யார் ‘இல்லை’ என்பார்கள்? மீட்டிங் கேள்விகளைச் சோதிக்க ஒரு செக்லிஸ்ட்

“அடிக்கடி ஆபீஸ் வந்து வேலை பார்க்குறது டீம் ஒற்றுமைக்கும் வேலை வேகத்துக்கும் நல்லதுதானே? எல்லாரும் என்ன நினைக்கிறீங்க?”

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த மெசேஜ் இது. பத்துப் பேர் இருந்த குரூப். ஏழு பேர் கட்டைவிரல் போட்டோம். ஒருத்தர் “ஆமா சார்” என்றார். ரெண்டு பேர் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது: இனி வாரத்தில் 4 நாள் ஆபீஸ். “டீமில் பேசி எடுத்த முடிவு” என்று கீழே ஒரு வரி.

அன்றைக்கு டீக்கடையில் நின்று பேசும்போதுதான் விஷயம் புரிந்தது. ஒருத்தர் ‘அடிக்கடி’ என்றால் இப்போது வரும் 2 நாளோடு இன்னும் ஒரு நாள் என்று நினைத்திருக்கிறார். இன்னொருத்தர் ஒற்றுமைக்கு மட்டும்தான் ஆமா சொன்னார். அவர் வீடியோ எடிட்டர், வீட்டில்தான் அவருக்கு வேலை வேகமாக நடக்கும். மூன்றாவது ஆளுக்கு ஆபீஸ் வருவதே பிடிக்கவில்லை. ஆனால், “ஒற்றுமை வேணாம்னு எப்படிப்பா சொல்றது?” என்று கேட்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவருக்கும் உள்நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கேள்விதான் கோணல். என் கருத்து இதுதான்: மோசமான கேள்விக்குப் பதில் வராது என்பது தப்பு. பதில் நிறையவே வரும், எல்லாம் ஒரே மாதிரியும் வரும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அதனால் சோதனையைப் பதில் வந்த பிறகு செய்து பயனில்லை, ‘சென்ட்’ அழுத்தும் முன்பே செய்ய வேண்டும். மூன்று சோதனை போதும். ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது.

1. ‘உம்’ எங்கே வருகிறது?

ஒரே கேள்விக்குள் ரெண்டு கேள்வி ஒளிந்திருப்பதுதான் இரட்டைக் கேள்வி. ஆங்கிலத்தில் ‘அண்ட்’ என்ற தனிச் சொல் அதைக் காட்டிக்கொடுக்கும். தமிழில் அது சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: ஒற்றுமைக்கு‘ம்’ வேகத்துக்கு‘ம்’. இன்னொரு ஒளிவிடமும் உண்டு. “மீட்டிங்கைக் குறைச்சு, டெய்லி ரிப்போர்ட் கொண்டு வரலாமா?” என்ற கேள்வியில் ‘குறைச்சு’ என்பது ஏற்கெனவே முடிவான விஷயம் மாதிரி நழுவிப் போகிறது. அதுவும் தனியாகக் கேட்கப்பட வேண்டியதுதான்.

சோதனை: “முதலாவதுக்கு ஆமா, ரெண்டாவதுக்கு இல்லை” என்று ஓர் ஆள் நியாயமாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால், கேள்வியை உடைத்துவிடுங்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் கனடாவின் கியூபெக் மாகாணம். 1995 அக்டோபர் 30 அன்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. கியூபெக் இறையாண்மை பெற வேண்டுமா என்று நேராகக் கேட்கவில்லை. கனடாவுக்குப் புதிய பொருளாதார, அரசியல் கூட்டுறவை முறைப்படி முன்வைத்த பிறகு, ஒரு மசோதாவின்படியும் அந்த ஆண்டு ஜூன் 12-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படியும் இறையாண்மை பெற வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். பிரிவு வேண்டும், கூட்டுறவு வேண்டாம் என்பவர் எதை டிக் செய்வார்? கூட்டுறவு பிடித்திருக்கிறது, பிரிவு வேண்டாம் என்பவர்?

‘இல்லை’ என்றவர்கள் 50.58%, ‘ஆம்’ என்றவர்கள் 49.42%. இவ்வளவு நெருக்கமான முடிவில், மக்கள் எதற்கு ஆம் சொன்னார்கள் என்பதே வாக்குவாதமானது. 2000-ல் கனடா கொண்டுவந்த தெளிவுச் சட்டம், பிரிவினை பற்றிய கேள்வியோடு இந்த மாதிரி வேறு ஏற்பாடுகளைக் கலந்து குழப்பினால் அதைத் தெளிவான கேள்வியாக ஏற்க முடியாது என்று சொல்கிறது.

2. ‘தானே’ இருக்கிறதா?

‘தானே’, ‘அல்லவா’, ‘இல்லையா’. இந்த வால்கள் வந்தால் கேட்பவர் பதிலைத் தானே எழுதிவிட்டார் என்று அர்த்தம். நமக்கு வேண்டியது கையெழுத்து மட்டும். “ஏன் இன்னும் நம்ம டீம் லேட்டாவே டெலிவரி பண்ணுது?” என்பதும் இதே ரகம்தான். வால் கிடையாது. ஆனால் ‘லேட்’ என்பதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் பதிலே சொல்ல முடியும்.

சோதனை: கேள்வியைத் தலைகீழாகத் திருப்புங்கள். “ஆபீஸ் வராமல் இருப்பது டீமுக்கு நல்லதுதானே?” இது அபத்தமாகவோ ஒருதலைப்பட்சமாகவோ தெரிந்தால், முதல் வடிவமும் அவ்வளவே சாய்ந்துதான் இருக்கிறது. நம் பக்கம் சாய்ந்திருந்ததால் கண்ணில் படவில்லை.

“ஒரு வார்த்தையில என்ன சார் ஆகிடப் போகுது?” என்று தோன்றலாம். ஸ்காட்லாந்து அரசு தன் 2014 பொதுவாக்கெடுப்புக்கு முதலில் வைத்த கேள்வி, ‘ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்ற மாதிரி இருந்தது. பிரிட்டனின் தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்பது ‘ஆம்’ பக்கம் தள்ளக்கூடும் என்று 2013 ஜனவரியில் சொன்னது. அரசும் ஏற்றுக்கொண்டது. வாக்குச்சீட்டில் வந்தது ‘ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா?’ என்பதுதான். ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ அவ்வளவு மரியாதையான சொல். ஆனால் ஒருவரை மறுப்பதைவிட ஒப்புக்கொள்வது எப்போதும் சுலபம். மேனேஜர் கேட்கும்போது இன்னும் சுலபம்!

3. எத்தனை, எது, எப்போதிலிருந்து?

‘அடிக்கடி’, ‘சரியா’, ‘நல்லா’, ‘எப்படிப் போகுது’. இவை எல்லாம் ஒவ்வொருவர் மனதிலும் வேறு வேறு அளவில் இருக்கும் சொற்கள். மூன்று தவறுகளில் இதுதான் மிக மென்மையாகத் தெரியும், மிகத் தாமதமாகக் கடிக்கும்.

சோதனை: ரெண்டு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் கேள்வியை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பதில் கேட்க வேண்டாம், கேள்வியை மட்டும். ஒருத்தர் 3 நாள் என்றும் இன்னொருத்தர் 5 நாள் என்றும் சொன்னால், அவர்கள் பதில் சொல்லப் போவது ரெண்டு வேறு கேள்விகளுக்கு.

பிரிட்டனின் 2016 வாக்கெடுப்பில் கேள்வி இரட்டையும் இல்லை, சாய்வும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கணுமா, வெளியேறணுமா? 51.9% பேர் வெளியேறலாம் என்றார்கள். எப்படி வெளியேறுவது? ஒற்றைச் சந்தையில் இருந்துகொண்டா, முழுசாகவா? கேள்வி அதைத் தொடவே இல்லை. 2019 மார்ச் 27 அன்று மக்களவை எட்டு வழிகளை வாக்குக்கு விட்டது. ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

அந்த வாட்ஸ்அப் கேள்வியை ரிப்பேர் செய்வோம்

வரிசை முக்கியம். முதலில் உடைக்கணும், அப்புறம் சாய்வை எடுக்கணும், கடைசியில் அளவு போடணும். உடைக்காமல் விட்டால் எந்தப் பாதி சாய்ந்திருக்கிறது என்றே தெரியாது.

உடைத்தால் மூன்று கிடைக்கிறது: வேகம், ஒற்றுமை, நாட்கள்.

வேகத்துக்கு நான் முதலில் எழுதிப் பார்த்தது, “நேரில் இல்லாததால் போன மாதம் எந்த வேலை தாமதமாச்சு?” திருப்பிப் பார்த்தால் மாட்டிக்கொண்டேன். காரணத்தை நானே முடிவு செய்துவிட்டேன். திருத்தியது: “போன மாதம் ஏதாவது வேலை தாமதமாச்சா? ஆச்சுன்னா, எதனால்?”

‘ஒற்றுமை’யை அளக்க முடியாது. அதன் ஒரு துண்டை எடுக்கலாம்: “வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் சக ஊழியரிடம் சந்தேகம் கேட்பது, ஆபீஸ் நாளைவிடச் சுலபமா, கஷ்டமா, அதே மாதிரியா?”

நாட்களுக்கு: “அடுத்த 3 மாதத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் வரலாம்?” கீழே 2, 3, 4 என்று மட்டும் ஆப்ஷன் கொடுத்தால் அதுவும் சாய்வுதான். இப்போது இருப்பது 2 என்றால், பட்டியல் மேலே மட்டும் போகிறது. 1-ம் இருக்கட்டும், 0-வும் இருக்கட்டும்.

இந்த செக்லிஸ்ட் எங்கே வேலை செய்யாது?

எல்லா ‘உம்’மும் குற்றவாளி இல்லை. “திங்கள், புதன் ரெண்டு நாளும் வர முடியுமா?” என்பதில் ரெண்டு நாளும் சேர்ந்துதான் விஷயம் என்றால் அது ஒரே கேள்வி. பொதுவான கேள்விகளும் எப்போதும் தப்பில்லை. “போன வாரம் எப்படிப் போச்சு?” என்று பேச்சை ஆரம்பிக்கலாம். அதை வைத்து முடிவு எடுத்தால்தான் சிக்கல்.

இன்னொன்று, சாய்வு சொல்லில் மட்டும் இருப்பதில்லை. மேனேஜர் முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டால், எவ்வளவு நேரான கேள்வியும் கோணலாகிவிடும். பெயர் தெரியாத போல் வைக்கலாம், அல்லது அவர் கடைசியாகப் பேசலாம்.

ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்களுக்காகச் சுருக்கமாக:

- ஒன்றுக்கு ஆமா, இன்னொன்றுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? உடைக்கவும்.
- திருப்பிப் போட்டால் அபத்தமாக இருக்கா? சாய்வை எடுக்கவும்.
- ரெண்டு பேர் ரெண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்களா? எத்தனை, எது, எப்போதிலிருந்து என்று சேர்க்கவும்.

அந்த குரூப்பில் கட்டைவிரல் போட்ட ஏழு பேரில் நானும் ஒருத்தி. “அடிக்கடின்னா எத்தனை நாள் சார்?” என்று ஒரே ஒரு வரி டைப் பண்ணியிருக்கலாம். அடுத்த முறை அப்படி ஒரு மெசேஜ் வந்தால், பதில் போடும் முன் கேள்வியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.