மூன்று தடவை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். சண்டை போடுவதாக இருந்தால் படித்து முடித்துவிட்டுப் போடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் குழுவில் அண்ணன் மருமகள் ஒரு கேள்வி போட்டாள். "சின்ன மாமா, நெத்திலி பொரிச்ச எண்ணெய் அரைச் சட்டி மிச்சம் இருக்கு. கொட்டவா, வைக்கவா?" நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பத்துப் பேர் பதில் போட்டுவிட்டார்கள். "மூணு தடவை வரைக்கும் தாராளமா பயன்படுத்தலாம், அரசாங்கமே சொல்லியிருக்கு" என்றார் ஒருவர். "வடிகட்டி வச்சுக்கம்மா" என்றார் இன்னொருவர். "புது எண்ணெய் கொஞ்சம் சேர்த்துக்கிட்டா சரியாப் போயிரும்" என்றது என் சொந்தத் தங்கை. மூன்று பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். மூன்றும் தப்பு.

முதலில் அந்த மூன்றைப் பார்ப்போம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விதியில் எத்தனை தடவை என்ற எண்ணிக்கையே கிடையாது. அதில் இருக்கும் எண் 25 சதவீதம். எண்ணெய் கொதிக்கக் கொதிக்க அதன் மூலக்கூறுகள் உடைந்தும், ஒன்றோடொன்று ஒட்டியும் வேறு பொருள்களாக மாறுகின்றன. அவற்றை மொத்தமாக முனைவுச் சேர்மங்கள் என்கிறோம். எண்ணெயில் அவை நூற்றில் 25 பங்கைத் தாண்டினால் அதில் சமைக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். மூன்று என்பது அந்த விதியில் இல்லாத எண்.

ஏன் எண்ணிக்கையைப் போடவில்லை? போட முடியாது. மிதமான தீயில் பத்து அப்பளம் பொரித்தாலும் ஒரு தடவைதான். தீபாவளிக்கு முதல் நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை அடுப்பை அணைக்காமல் முறுக்குப் பிழிந்தாலும் ஒரு தடவைதான். இரண்டும் ஒன்றா? எண்ணெயைக் கெடுப்பவை சூடு, காற்று, தண்ணீர். எவ்வளவு நேரம் காய்ந்தது, எவ்வளவு சூட்டில் காய்ந்தது, உள்ளே என்ன விழுந்தது என்பதுதான் கணக்கு. மீன் இதில் மோசமான ஆள். அதன் ஈரம் எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடும். அதனால்தான் அடுத்த முறை அதே எண்ணெய் சீக்கிரமே புகைகிறது. மீனில் தடவிய மிளகாய்த்தூளும் மாவும் அடியில் கருகி அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். சூரியகாந்தி எண்ணெய் கடலை எண்ணெயைவிடச் சீக்கிரம் உடையும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் சுத்திகரித்ததைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். செக்கு எண்ணெய் என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் காய்ச்சலாம் என்று நினைக்கிற சொந்தக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

அடுத்தது வடிகட்டல். என்னிடம் படித்தவர்கள் இந்த இடத்தில் வெட்கப்பட வேண்டும். உப்புத் தண்ணீரை வடிதாளில் ஊற்றிக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? மணல் மேலே நின்றது. உப்பு என்ன ஆனது? கீழே இறங்கிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். கரைந்த பொருளை வடிகட்ட முடியாது என்று நோட்டில் எழுதினீர்கள். எண்ணெயிலும் அதே பாடம்தான். துணி பிடித்து வைப்பது கருகிய துகள்களை மட்டும். அவற்றை எடுப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உடைந்த எண்ணெய் நல்ல எண்ணெயோடு கரைந்துதான் இருக்கிறது. அது துணி வழியாகச் சமத்தாகக் கீழே இறங்கிவிடும். பார்க்கத் தெளிவாக இருப்பதால் நம்பிக்கை வேறு வந்துவிடும்.

இப்போது தங்கை சொன்ன வைத்தியத்துக்கு வருகிறேன். பழைய எண்ணெயில் புதிது சேர்ப்பது. என் பழைய மாணவன் ஒருவன் ஊரில் வடை, பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறான். பெயர் வேண்டாம். சாயங்காலம் நடந்து வரும்போது அவன் கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்காருவேன். அன்றைக்கு அவனிடமே இதைக் கேட்டேன். "சார், நான் தினமும் புது எண்ணெய்தான் ஊத்துறேன்" என்றான். "பழசை என்ன செய்வே?" "அது சட்டியிலேயே இருக்கும் சார். குறைஞ்சதுக்கு மட்டும்தான் ஊத்துவேன்."

அவன் கடைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். சட்டியில் ஒரு லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வியாபாரத்தில் வடையோடு கால் லிட்டர் போய்விடுகிறது. மறுநாள் கால் லிட்டர் புதிது ஊற்றுகிறான். அப்படியானால் முதல் நாள் எண்ணெயில் முக்கால் பங்கு சட்டியில் தங்குகிறது. அடுத்த நாள் அந்த முக்காலில் முக்கால். இப்படியே ஏழு நாள் ஊற்றினாலும், எட்டாம் நாள் சட்டியில் முதல் நாள் எண்ணெய் சுமார் 130 மில்லி இருக்கும். அது எட்டு நாளாகக் காய்கிற எண்ணெய். இந்தச் சட்டி எத்தனையாவது தடவை என்று இப்போது சொல் பார்ப்போம் என்றேன். பையன் தலையைச் சொறிந்தான். சட்டியைக் காலி செய்யாதவரை எண்ணிக்கை என்பதற்கே அர்த்தம் கிடையாது.

"புதுசு சேர்ந்தா சதவீதம் குறையும்தானே சார்?" என்று சரியான கேள்வி கேட்டான். குறையும். அளந்தால் அந்த நிமிஷம் எண் இறங்கித்தான் காட்டும். ஆனால் உடைந்த எண்ணெய் சும்மா இருக்காது, புது எண்ணெயையும் சீக்கிரம் உடைக்கும். உறை மோர் பாலுக்குச் செய்வதை இது எண்ணெய்க்குச் செய்யும். அதனால்தான் மேலே ஊற்றிக்கொண்டே போவதைத் தவிர்க்கச் சொல்கிறது ஆணையம். சிப்ஸ் ஆலைகளில் ஊற்றிக்கொண்டேதானே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்கலாம். அங்கே சிப்ஸ் எண்ணெயைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வெளியேறுகிறது, சட்டி முழுவதும் சீக்கிரமே புதிதாகிவிடுகிறது. நம் வீட்டுச் சட்டியும் டீக்கடைச் சட்டியும் அப்படி இல்லை. காய்வதும் ஆறுவதும், ராத்திரி முழுக்கத் திறந்து கிடப்பதும், காலையில் மறுபடி காய்வதுமாக இருக்கின்றன.

சரி, கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மசாலா மீன் ஒரு ஈடு போட்டாலே எண்ணெய் சிவந்துவிடும், அப்பளம் பொரித்தது கெட்டாலும் வெளுப்பாகவே நிற்கும். நுரையைப் பாருங்கள். நல்ல எண்ணெயில் வடையைப் போட்டால் பெரிய கொப்புளங்கள் சலசலவென்று வந்து உடனே உடையும், வடையை எடுத்ததும் அடங்கும். கெட்ட எண்ணெயில் பொடிப்பொடியாக நுரை கட்டி விளிம்புவரை ஏறும், வடையை எடுத்த பிறகும் அடங்காது. அடுத்தது புகை. முன்பு புகையாத அதே தீயில் இப்போது நீலமும் சாம்பலுமாகப் புகை வந்தால், கண் எரிந்தால், அதோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது, கரண்டியால் எடுத்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் போல விழாமல் பாகு போல இழுபட்டால் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சட்டி விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசின் இருக்கிறதே, அதுவும் இதே சரக்குதான். சிக்கு வாடை வந்தால் சொல்லவே வேண்டாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. இவை பிந்திய அறிகுறிகள். நுரையும் புகையும் உங்களுக்குத் தெரிவதற்குள் அந்த 25 தாண்டியிருக்கலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் எண்ணெயில் முக்கி அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அது கிடையாது. ஆகவே வீட்டில் விளிம்புவரை போய்ப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

மருமகளுக்கு நான் எழுதிய பதில் இதுதான். ஒரு தடவை பொரித்த எண்ணெயில் மறுபடி பொரிக்காதே. ஆறவைத்து, வடிகட்டி, மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் வை. ஓரிரு நாளுக்குள் குழம்புக்கோ பொரியலுக்கோ தாளிக்க எடுத்துத் தீர்த்துவிடு. மீன் எண்ணெய் என்றால் மறுநாள் மீன் குழம்போடு கணக்கை முடி. மிச்சமே வராமல் இருக்க, வாய் அகன்ற சட்டியை விட்டுவிட்டுக் குழிவான சின்னச் சட்டியை எடு. கால் லிட்டரில் வேலை முடியும். இரண்டு ஈடுக்கு நடுவே தீயைக் குறை. உப்பை எண்ணெய்க்கு மேலே நின்று தூவாதே. கெட்டதைச் சாக்கடையில் ஊற்றாதே, குழாய் அடைக்கும். பழைய பேப்பரில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடு.

இது வீட்டு விஷயம். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. கடைகளில் பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் 'ரூகோ' திட்டத்தை ஆணையம் 2018 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பொரிக்கத் தினமும் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைதான் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். 25 சதவீத விதி எல்லோருக்கும் பொது. கணக்கு மட்டும் பெரியவர்களுக்கு. ஐந்து லிட்டர் சட்டிக்காரனை யார் கேட்பது? சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக் கரையில் முளைக்கும் பஜ்ஜிக் கடைகளில் எந்தச் சட்டிக்குக் கணக்கு இருக்கிறது? பெரிய சட்டியில் பகலெல்லாம் காய்ந்த எண்ணெயைச் சாயங்காலம் பாதி விலைக்கு வாங்கித் தள்ளுவண்டியில் மறுபடி காய்ச்சினால் அதைப் பிடிக்கப் புத்தகம் கிடையாது. அந்த வண்டியில் சாப்பிடுவது கூலிக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான்.

"எங்க பாட்டி அப்படித்தான் செஞ்சாங்க, தொண்ணூறு வயசு இருந்தாங்க" என்று எழுதப் போகிறவர்களுக்கு: உங்கள் பாட்டி வருஷத்துக்கு நாலு தடவை பலகாரம் சுட்டார். நீங்கள் வாரத்துக்கு நாலு நாள் பொரித்ததைத் தின்கிறீர்கள். ஒரு வடையில் யாரும் சாகமாட்டார்கள். ரத்த அழுத்தம், ரத்தக்குழாய்த் தடிப்பு, ஈரல் கோளாறு ஆகியவற்றோடு இந்தச் சேர்மங்களுக்குத் தொடர்பு உண்டு என்று ஆணையம் சொல்வது தினசரிப் பழக்கத்தைப் பற்றி.

மாணவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். சட்டியைச் சின்னதாக மாற்றியிருக்கிறான். ராத்திரி மிச்சத்தைத் தனி டின்னில் ஊற்றி, சேகரிக்க வருபவர்களுக்கு வைக்கிறான். வடைக்கு ஒரு ரூபாய் ஏற்றியிருக்கிறான். அதற்கு இரண்டு பேர் சண்டை போட்டார்களாம். அந்த இரண்டு பேரும் என் மாணவர்களாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

கடை வைத்திருக்கும் மற்ற பிள்ளைகள் இன்றைக்கு ராத்திரி சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்பில் பிசின் எவ்வளவு தடிப்பு என்று கீழே எழுதுங்கள். திட்ட மாட்டேன்.