கரண்ட் போன மூன்று மணி நேரம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மானாவாரி மிளகாய் போடுகிறவர்களுக்குக் கணக்கு எளிது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நாற்று கையில் தயாராக இருக்க வேண்டும். நாற்று தயாராக 35 முதல் 40 நாள் ஆகும். அப்படியென்றால் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் விதை குழித்தட்டுக்குப் போயாக வேண்டும். வெயில் இன்னும் தணியாத மாதங்கள் அவை. அதனால்தான் நாற்றங்கால்காரர்கள் பசுமைக்குடிலுக்குள்ளே ஃபாகர் வைத்துப் பனிப்புகைபோலத் தண்ணீர் தெளித்து உள்வெப்பத்தைக் குறைக்கிறார்கள். இப்போது கூடவே ஒரு சின்ன டப்பாவும் தொங்குகிறது. அதற்குள் ஒரு சென்சார், ஒரு சிப், ஒரு பேட்டரி. 15 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளந்து, வைஃபை வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பும். முதலாளி ஊரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரி, கரண்ட் போனால்?

இந்த விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. கரண்ட் போனால் ரவுட்டர் அணையும். அதே நொடியில் ஃபாகரும் நிற்கும். அதாவது குடிலுக்குள் என்ன நடக்கிறது என்று கட்டாயம் தெரிய வேண்டிய நேரத்தில்தான் தகவல் நின்றுபோகும். நெட்வொர்க் போவதும் வெப்பம் ஏறுவதும் தற்செயலாகச் சேர்ந்து வருவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஒரு பகலை எடுத்துக்கொள்வோம். மதியம் 1.40க்குக் கரண்ட் போகிறது, 4.50க்கு வருகிறது. டப்பாவுக்குள் பேட்டரி இருப்பதால் அது தன் வேலையை நிறுத்தவில்லை. 1.45, 2.00, 2.15 என்று 4.45 வரை 13 முறை அளந்திருக்கிறது. அனுப்ப வழியில்லாததால் தன் நினைவகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. இதற்கு ரொம்ப இடம் தேவையில்லை. ஒரு அளவீட்டுக்கு 20 பைட் என்றால், நாளுக்கு 96 அளவீடுகளுக்கு 2 கே.பி.கூட வராது. ஒரு எம்.பி. இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேலேயே சேர்த்து வைக்கலாம். ஆகவே, "எவ்வளவு நாள் சேமிக்கும்?" என்று விற்பவரிடம் கேட்பது பெரிய கேள்வி அல்ல. "எந்த நேரத்தைப் போட்டுச் சேமிக்கும்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஏனென்றால் 4.53க்கு ரவுட்டர் உயிர்பெற்றதும் 13 அளவீடுகளும் ஒரே மூச்சில் சர்வருக்குப் போய்ச் சேரும். மலிவாக எழுதப்பட்ட பல மென்பொருள்கள், தகவல் வந்து சேர்ந்த நேரத்தையே அளந்த நேரமாகக் குறித்துக்கொள்கின்றன. அப்போது செல்போனில் வரைபடம் எப்படித் தெரியும்? 1.30 முதல் 4.53 வரை 33 டிகிரியில் தட்டையான கோடு. பிறகு திடீரென்று 43 வரைக்கும் ஒரு குத்தூசி. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு 43 டிகிரியா? சென்சார் கெட்டுப்போச்சு" என்று பார்த்தவர் தள்ளிவிடுவார். உண்மையில் 2 மணி முதல் 4 மணி வரை குடில் 40க்கு மேல் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நாற்று சாயத் தொடங்கும்போதுதான் இந்தப் பிசகின் விலை தெரியும். சாய்ந்த நாற்றைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நாற்றழுகல் நோய். உடனே பூசணக்கொல்லி ஊற்றத் தோன்றும். ஆனால் நாற்றழுகலில் தண்டின் அடிப்பகுதி நீர்கோத்து மெலிந்து, நாற்று அங்கேயே மடங்கிவிழும். அது ஈரம் தேங்கும் இடத்தில் வரும் நோய். வெப்பத்தில் அடிபட்ட நாற்றிலோ இலை விளிம்பு கருகியிருக்கும். குழித்தட்டின் சின்னக் குழியில் தென்னைநார்க்கழிவு உலர்ந்து கிடக்கும். அன்று மதியம் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது என்று சரியான நேரத்தோடு பதிவாகியிருந்தால், நோயா வெயிலா என்ற சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். மருந்துச் செலவும் மிஞ்சும்.

நல்ல கருவி அனுப்பும் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
KUDIL-03, 4127, 2025-09-10 14:30, 42.8, 25
```

குடிலின் பெயர், வரிசை எண், அளந்த நேரம், வெப்பம், ஈரப்பதம். இதில் வரிசை எண்ணை யாரும் கவனிப்பதில்லை. பாதி வேலையை அதுதான் செய்கிறது. சர்வர் "கிடைத்தது" என்று பதில் சொன்ன பிறகுதான் கருவி தன்னிடம் இருக்கும் வரியை அழிக்க வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்துபோனால் கருவி அதே வரியை மறுபடி அனுப்பும். அனுப்பட்டும், தப்பில்லை. 4127 ஏற்கெனவே வந்துவிட்டது என்று பார்த்து சர்வர் இரண்டாவதை ஒதுக்கிவிடும். எண் இல்லாவிட்டால் ஒரே அளவீடு இரண்டு மூன்று முறை ஏறி, அன்றைய சராசரியே மாறிப்போகும்.

வானிலைத் துறை முன்பு வேறொரு வழியைக் கையாண்டது. அதன் தானியங்கி நிலையங்கள் செயற்கைக்கோள் வழியாகப் புணேவில் உள்ள தரைநிலையத்துக்கு அளவீடுகளை அனுப்பின. அது ஒருவழிப் பாதை. "கிடைத்தது" என்ற பதில் வரவே வராது. அதனால் ஒரே அளவீட்டைச் சிறு இடைவெளிகளில் திரும்பத் திரும்ப அனுப்பும் முறை இருந்தது. ஒன்றாவது போய்ச் சேரும் என்ற கணக்கு.

இனி கடிகாரம். நேரம் சரியாக இருக்க, டப்பாவுக்குள் பட்டன் பேட்டரியோடு தனிக் கடிகாரச் சிப் வேண்டும். DS3231 என்ற சிப் சாதாரண வெப்பத்தில் வருஷத்துக்கு ஒரு நிமிடம்போலத்தான் பிசகும். அது இல்லாத கருவி இணையத்திடம் நேரம் கேட்டுக்கொள்ளும். நெட்வொர்க் இல்லாதபோது அணைந்து எழுந்தால், தேதி தெரியாமல் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 என்று எழுதத் தொடங்கும். உங்கள் பட்டியலில் 1970 என்று ஒரு வரி தென்பட்டால், சிப் இல்லை அல்லது பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் சேமித்து வைப்பதால் நாற்று பிழைக்காது. நடந்தது என்ன என்று பிறகு தெரியும், அவ்வளவுதான். பிழைக்க வேண்டுமானால் 38 டிகிரி தாண்டியதும் நெட்வொர்க்கை எதிர்பார்க்காமல் குடிலிலேயே பேட்டரியில் அலறும் ஒரு பஸ்ஸர் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வந்து பூவாளியால் தண்ணீர் தெளிக்கலாம். சர்வர் பக்கமும் ஒரு ஏற்பாடு தேவை: அரை மணி நேரம் ஒரு வரியும் வராவிட்டால், அதையே காரணமாக வைத்து முதலாளியின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். பல செயலிகள் கடைசியாக வந்த எண்ணையே, அது எப்போது வந்தது என்று சொல்லாமல், காட்டிக்கொண்டிருக்கும். உயிருள்ள சென்சாரின் கோடு பத்தில் ஒரு டிகிரியாவது ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு தெரிந்தால் குடிலுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

வாங்கும் முன் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். காலை 10.05க்கு ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். 11 மணிக்குக் கருவியையும் ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். 12.05க்கு ரவுட்டரைச் செருகிவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பட்டியலைத் திறங்கள். 10.15 முதல் 12.00 வரை எட்டு வரிகள் இருக்க வேண்டும். 11 மணி வரி மட்டும் விடுபட்டிருந்தால் மன்னிக்கலாம். எட்டும் 12.07 என்று நேரம் காட்டினால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.